பில்லில் இருந்தது வி-பெல்ட், பெட்டியில் வந்தது பழைய பேரிங்

பொள்ளாச்சியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னை நார் மில்களின் மோட்டார்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வரும். பேரிங்கைக் கையில் எடுத்தாலே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நானே 6,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன் என்பதால், வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

ஆனைமலைப் பக்கம் ஒரு நார் மில்லின் 20 எச்பி மோட்டாருக்கு இரண்டு 6309 சி3 பேரிங் வேண்டியிருந்தது. வழக்கமான டீலரிடம் வரியோடு ஒன்று 1,947 ரூபாய். அந்த நேரம் பார்த்து பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் விளம்பரம் கண்ணில் பட்டது. மூடிய மில்லில் மிஞ்சிய சரக்கு, பிரிக்காத பெட்டி, பில் உண்டு, பேட்ச் எண் உண்டு, ஒன்று 1,100 ரூபாய். நம் பக்கம் மில் மூடுவதும் மிஞ்சிய சரக்கு வெளியே வருவதும் புதிதல்ல, சந்தேகப்படத் தோன்றவில்லை.

போட்டோ மூன்று இருந்தன. ஒன்றில் பெட்டியின் லேபிள், பேட்ச் எண்ணும் சதுரக் குறியீடும் தெளிவாக. இரண்டாவதில் பேரிங், பிளாஸ்டிக் பைக்குள் ஒட்டியபடி. மூன்றாவது பில். கோவை டீலர் ஒருவர் மில்லுக்குக் கொடுத்தது, 24 எண்ணிக்கை, ஒன்று 1,650 வீதம் 39,600, வரி 7,128, மொத்தம் 46,728. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. டீலரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கியது, அது தமிழ்நாட்டுக்குரியது. ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் கடையின் பெயரும் வந்தது, பதிவும் நடப்பில் இருந்தது. இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று ஆறு பேரிங்குக்குப் பணம் அனுப்பினேன். நான்கு நாளில் லாரி ஆபீசுக்குப் பார்சல் வந்தது.

பையைப் பிரித்ததும் பட்டறைப் பையன், "மண்ணெண்ணெய் வாசம் வருகிறதுங்க அண்ணா" என்றான். புதுப் பேரிங்கில் எண்ணெய் வாசம் வராமல் ஊதுபத்தி வாசமா வரும் என்று அவன் வாயை அடைத்தேன். மில்காரர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். இரண்டை மாட்டி அனுப்பிவிட்டேன்.

பதினோராம் நாள் மோட்டார் திரும்பி வந்தது. ஒரு பக்க பேரிங்கின் வெளி வளையம் எண்ட் கவருக்குள் நிற்காமல் சுழன்று, கவரின் துளையைத் தின்றிருந்தது. பேரிங் ஆடியதில் ரோட்டார் போய் ஸ்டேட்டரில் உரசி, வைண்டிங் கருகிவிட்டது. மறுபடி வைண்டிங் கட்டி, கவருக்குப் புஷ் போட்டு, டீலரிடம் புதுப் பேரிங் வாங்கி மாட்டியது எல்லாம் என் செலவு. ஆறு பேரிங்கில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது 5,082 ரூபாய்.

அன்று இரவு மீதி நான்கையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் டார்ச் அடித்து, பந்து ஓடும் தடத்தைப் பார்த்தேன். ஓடாத பேரிங்கில் அந்தத் தடம் முழுக்க ஒரே மாதிரி கண்ணாடியாக மின்னும். இதில் உள் வளையத்தின் நடுவே மங்கலாக ஒரு பட்டை சுற்றி ஓடியது. எங்கோ பல மாதம் பந்து உருண்டு தேய்த்த அடையாளம் அது. பிறகு வெளி விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். 6309-இன் வெளி விட்டம் 100 மி.மீ.; சாதாரணத் தரத்தில் குறைந்தால் 99.985 வரை குறையலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. என் நான்கும் 99.95, 99.96 என்றே காட்டின. துருப்பிடித்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிப்புறத்தைப் பட்டை தீட்டி எடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்மானம்தான் கவருக்குள் பிடிப்பில்லாமல் செய்தது. பையன் மூக்குச் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பொருள் கைக்கு வந்த பின் பார்க்கக்கூடியது. விளம்பரத்திலேயே கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதுதான் என்னை அரித்தது. முடிந்திருக்கும்.

அந்த பில்லின் மூலையில் ஒரு க்யூஆர் சதுரம் இருந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசின் இ-இன்வாய்ஸ் அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். பதிந்ததும் அந்த அமைப்பு ஒரு க்யூஆரைத் திருப்பித் தரும். விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வகைப் பொருள், முக்கியப் பொருள் எந்த வகை என்று காட்டும் எச்எஸ்என் குறியீடு ஆகியவை அதற்குள் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கும். பில்லின் எழுத்துகளைப் போட்டோவில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தக் கையெழுத்தை மட்டும் புதிதாகப் போட முடியாது.

சாதாரண ஸ்கேனரில் காட்டினால் புரியாத எழுத்துக் குவியல்தான் வரும். இதற்கென்றே அரசின் சரிபார்க்கும் ஆப் இருக்கிறது. பில் போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, போனில் அந்த ஆப்பைத் திறந்து காட்டினேன். பில் எண் சரி, தேதி சரி, டீலர் சரி. மொத்தத் தொகை 46,728 இல்லை, 5,664. எச்எஸ்என் 4010. பேரிங் என்றால் 8482 வர வேண்டும். 4010 என்பது ரப்பர் பெல்ட். உண்மையான டீலர், உண்மையான மில்லுக்கு, 4,800 ரூபாய்க்கு வி-பெல்ட் விற்ற பில் அது. வரி 864 சேர்த்தால் 5,664. யாரோ பெல்ட்டை அழித்துவிட்டுப் பேரிங்கை எழுதி, கணக்கையும் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். நான் கூட்டிப் பார்த்ததும் ஜிஎஸ்டி எண்ணைத் தேடியதும் டீலர் நிஜமானவர் என்று காட்டினவே தவிர, அவர் எதை விற்றார் என்று காட்டவில்லை.

க்யூஆர் இல்லாத பில் எல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னக் கடைக்கு அது கட்டாயமில்லை. நேரடி வாடிக்கையாளருக்குப் போடும் சில்லறை பில்லிலும் இது இருக்காது. அப்போது கடையையே கூப்பிட்டு, இந்த எண்ணில் இந்தத் தேதியில் இந்தச் சரக்குக்கு பில் போட்டீர்களா என்று கேட்பதுதான் வழி. எண்ணை பில் போட்டோவிலிருந்து எடுக்காமல் வேறு இடத்தில் தேடி எடுங்கள். பெல்ட்டைப் பேரிங்காக்கியவருக்குப் போன் எண்ணை மாற்றுவது பெரிய வேலையா?

பேட்ச் எண்ணில் நான் செய்தது வேறொரு தவறு. அதை ஆதார் எண் போல நினைத்துவிட்டேன். ஒரே ஓட்டத்தில் செய்த எல்லாப் பேரிங்குக்கும் ஒரே பேட்ச் எண்தான் இருக்கும். ஒரு நிஜப் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டால் ஆயிரம் போலிப் பெட்டியில் அச்சடிக்கலாம், தேடினால் "சரியான எண்" என்றே வரும். பெட்டிக்குப் பெட்டி மாறுவது, சில பெரிய நிறுவனங்கள் லேபிளில் போடும் சதுரக் குறியீடு. நான் வாங்கிய பிராண்டில் அது உண்டு. ஆறு பெட்டியையும் ஸ்கேன் செய்தேன், ஆறிலும் ஒரே எண் வரிசை வந்தது. விளம்பரத்தில் ஒரே ஒரு பெட்டியின் படம் மட்டும் இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இரண்டு பெட்டியை ஒன்றாக வைத்து லேபிளைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். SKF Authenticate, OriginCheck என்று நிறுவனங்களே சரிபார்க்கும் ஆப் வைத்திருக்கின்றன. படம் அனுப்பினால் பார்த்துச் சொல்வதும் உண்டு. ஆனால் பெட்டி நிஜமாக இருந்து உள்ளே பழையது இருந்தால் எந்த ஆப்பும் காப்பாற்றாது. காலிப் பெட்டிகளைக் கிழிக்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போடும் நாமும் இதில் கொஞ்சம் குற்றவாளிகள்தான்.

சீல் விஷயம் சுருக்கமாக. நான் வாங்கிய கம்பெனியின் பையில் ஒட்டு மெல்லிசாக, ஓரத்துக்கு நேராக, எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் விழும். எனக்கு வந்தவற்றில் முறுக்குப் பாக்கெட் ஒட்டும் கை மெஷினின் தடித்த கோடு, ஒன்றில் நேராக, இன்னொன்றில் சாய்வாக. விளம்பரப் படத்தில் அந்த ஓரத்தை விரல் மறைத்திருந்தது. தற்செயலா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "மில்லிலிருந்து வந்ததை அப்படியே கொடுத்தேனுங்க, எனக்கென்ன தெரியும்" என்றவர், க்யூஆர் பற்றி எடுத்ததும் இணைப்பைத் துண்டித்தார். சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்றார்கள். 2019 நுகர்வோர் சட்டம் வணிகத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக ஏற்காது. சொந்த உழைப்பில் பிழைக்கத் தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. என் பட்டறை அதற்குள் வருமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் என்னிடமே மூன்று நல்ல 6206 பேரிங் மிஞ்சியிருந்தன, விற்பனைக்குப் போட்டேன். பில், பெட்டி லேபிள், பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்த எண் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி, அன்றைய தேதி எழுதிய துண்டுத் தாளை நடுவில் வைத்து எடுத்தேன். தனித்தனிப் படம் என்றால் மூன்றும் ஒரே பொருளுடையவை என்பதற்கு அத்தாட்சி இல்லை. சதுரக் குறியீட்டில் பாதியையும் பில்லின் க்யூஆரையும் பொது விளம்பரத்தில் காகிதத்தால் மறைத்தேன். இல்லையென்றால் அடுத்த ஆள் என் பில்லை எடுத்துத் தன் சரக்குக்குப் போட்டுக்கொள்வான். முழு பில்லும் வாங்க வருபவருக்கு மட்டும்.

கோபியிலிருந்து ஒருவர் கேட்டார். பில்லை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு: "க்யூஆர் சரிங்க அண்ணா. ஆனால் பில்லில் இரண்டுதான் இருக்கிறது, நீங்கள் மூன்று விற்கிறீர்களே?" மூன்றாவது போன வருட பில்லில் வாங்கியது. அதையும் தேடி எடுத்து அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது.