18,000 போனது, 4,200 பேரின் தொலைபேசி எண்களும் வெளியே போயின

கை இன்னும் நடுங்குகிறது. எங்கள் நோயாளர் ஆதரவுக் குழுவின் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அவற்றை அட்டவணையாக மாற்றி, ஆய்வாளர்களிடம் கொடுப்பதற்கு முன் அடையாள விவரங்களை மறைத்துத் தர, இணையவழித் தரவு மாற்றச் சேவை ஒன்றுக்கு 18,000 கட்டினேன்.

மாதிரிப் பக்கத்தைக் காட்டினார்கள். பெயர் நெடுவரிசை இல்லை. தொலைபேசி எண் இருந்த இடத்தில் 32 எழுத்துகள் கொண்ட புரியாத சரம். "இதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது" என்றார் அந்த அலுவலர். அந்தச் சரத்தைப் பார்த்தே நம்பினேன். புரியாதது பாதுகாப்பானது என்று எண்ணிவிட்டேன். கோப்பு மூன்று ஆய்வுக் குழுக்களுக்குப் போனது.

நேற்று ஓர் ஆய்வாளர் அழைத்தார். அந்தக் கோப்பிலிருந்தே என் சொந்த எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கே அழைத்திருந்தார்! அது வெறும் MD5 என்று விளக்கினார். எதைக் கொடுத்தாலும் அதை 32 எழுத்துச் சரமாக மாற்றும் ஹேஷ் முறை அது, ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே சரம்தான் வரும். சரத்திலிருந்து எண்ணுக்குப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பத்து இலக்க எண்கள் மொத்தமே 1000 கோடி. ஒவ்வொன்றுக்கும் MD5 கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது சில விநாடி வேலை. 2014இல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவில் வண்டி உரிம எண்களை இப்படித்தான் மறைத்து வெளியிட்டார்கள். அவையும் உடனே வெளிப்பட்டன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதையே விற்கிறார்கள், அதுவும் 18,000க்கு.

அந்தச் சேவையிடம் கேட்டதற்கு முதல் பதில்: "மறைக்கச் சொன்னீர்கள், மறைத்தோம்." அடுத்தது: "ஹேஷ் ஒருவழிப் பாதை, கணிதத்தைப் படியுங்கள்." மூன்றாவதாகப் பதிலே இல்லை, புகாரை முடித்துவிட்டதாகத் தானியங்கி மின்னஞ்சல் வந்தது. 18,000ஐத் திருப்பித் தருவது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

விரிவாக எழுதும் நிலையில் இல்லை. கோப்பை அனுப்பும் முன் இதையாவது செய்யுங்கள்: பதிவேட்டில் உள்ள, உங்களுக்குத் தெரிந்த ஓர் எண்ணை இந்தப் பைதான் நிரலில் 0123456789 இருக்கும் இடத்தில் இட்டு இயக்கிப் பாருங்கள்.

```python
import hashlib
print(hashlib.md5(b"0123456789").hexdigest())
```

வரும் சரம் அட்டவணையில் இருந்தால் எதுவும் மறைக்கப்படவில்லை. அது MD5க்கான சோதனை மட்டுமே. சரம் பொருந்தாவிட்டாலும் எந்த முறையில் மறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வுக்கு எண் தேவையில்லை என்றால் நெடுவரிசையையே நீக்குங்கள். எக்செலில் ஒளித்து வைப்பது நீக்குவது ஆகாது. CSV ஆகச் சேமித்தால் அது அப்படியே வெளியே வரும். ஒரே ஆளின் வரிசைகளை இணைக்க வேண்டுமென்றால் எண்ணோடு தொடர்பில்லாத தற்செயல் குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடும். பிறந்த ஆண்டு மட்டும் போதும்.

இரண்டு குழுக்கள் கோப்பை அழித்துவிட்டதாக எழுதியிருக்கின்றன. மூன்றாவது குழுவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.