24,000 ரூபாய் போன்: ரொக்கமா, வட்டியில்லாத் தவணையா, எக்ஸ்சேஞ்சா?

நம்ம கடைக்கு வருபவர்கள் அதிகம் கேட்பது, “நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கா?” என்பதுதான். இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நம்ம கடையானாலும் வேறு கடையானாலும், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: “முழுப் பணமும் இப்பவே கொடுத்தா என்ன விலைக்குத் தருவீங்க?” இந்தத் தொகை தெரியாமல் எந்தத் திட்டம் லாபம் என்று சொல்ல முடியாது.

காரணம், கடன் கொடுக்கும் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கிரெடிட் கார்டுத் தவணைகளில் வட்டி பல நேரம் பிராசசிங் கட்டணமாக வேஷம் போட்டு வருகிறது என்றும் அதில் சொல்லியிருந்தது. நீங்கள் கட்டாத வட்டியைப் போன் கம்பெனியோ கடைக்காரரோ கட்டுகிறார். கடைக்காரர் கட்டுவதாக இருந்தால், ரொக்கத்துக்கு வாங்குபவரிடம் அவருக்கு அந்தச் செலவு இல்லை. அதைத்தான் தள்ளுபடியாகக் குறைத்துத் தர முடிகிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். போன் விலை 24,000 ரூபாய். ரொக்கத்துக்கு 22,800க்குத் தருகிறார்கள். அதே போன் ஃபைனான்ஸில் ‘8க்கு 2’ திட்டத்தில் கிடைக்கிறது. மொத்தம் 8 தவணை, தவணைக்கு 3,000. அதில் 2 தவணையைக் கடையிலேயே கட்டிவிட வேண்டும், மீதி 6 மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போகும். பிராசசிங் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 590. ஆக, போனை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது 6,590 கொடுத்திருப்பீர்கள். முடிவில் கட்டியது 24,590.

ரொக்க விலையை விட 1,790 அதிகம். ‘ஆறு மாசத்துக்கு 1,790தானே’ என்று தோன்றும். ஆனால் நீங்கள் உண்மையில் கடன் வாங்கியது 24,000 இல்லை. 22,800 ரூபாய்ப் பொருளுக்கு 6,590 முதலிலேயே கொடுத்துவிட்டீர்கள். கடன் 16,210 மட்டும்தான். அதற்கு மாதம் 3,000 வீதம் 18,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீத வட்டி ஆகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது பூஜ்யம்.

இதையே அப்படியே திருப்பிப் பாருங்கள். ரொக்கத்துக்கும் அதே 24,000தான், ஒரு ரூபாய் குறையாது என்கிறார்கள் என்று வையுங்கள். வட்டியைப் போன் கம்பெனியே ஏற்கும் மாடல்களில் இப்படித்தான் இருக்கும். கடைக்காரருக்கு அதில் மிச்சப்படுவது எதுவும் இல்லை, அதனால் குறைக்கவும் வழியில்லை. அப்போது தவணையின் செலவு அந்த 590 மட்டும்தான். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் கையிருப்பை மொத்தமாகக் காலி செய்யாமல் இருக்க 590 கொடுப்பதில் தவறே இல்லை. நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இன்னொரு மாதிரி நடக்கும். 24,000 ரூபாய் போனை 6 மாதத் தவணையில், மாதம் 4,000 என்று எடுக்கிறீர்கள், வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று கொள்வோம். ஆறு மாத வட்டி சுமார் 1,081. அந்த அளவுக்கு முதலிலேயே விலையில் கழித்து, கார்டில் 22,919தான் கடனாக ஏற்றுவார்கள். வட்டியும் அசலும் சேர்ந்து திரும்ப 24,000 ஆகும். இதுவரை சரி. ஆனால் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதை யாரும் கழித்துத் தருவதில்லை. முதல் மாத ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பாருங்கள்: வட்டி 306 என்று ஒரு வரி இருக்கும், ஜிஎஸ்டி 55 என்று இன்னொரு வரி இருக்கும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து 195. பிராசசிங் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 24,430. இந்த உதாரணத்தில் ஃபைனான்ஸை விடக் கார்டு 160 மலிவு, முன்பணமும் இல்லை. ரொக்க விலையோடு வைத்துப் பார்த்தால் இதுவும் 1,630 கூடுதல்தான்.

இரண்டிலும் தவணை தவறினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். ஃபைனான்ஸில் குறித்த தேதியில் கணக்கில் 3,000 இல்லாவிட்டால் ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பவுன்ஸ் கட்டணம் போடும், உங்கள் வங்கி தனியாக ஒன்று போடும். இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் ஆயிரத்தை நெருங்கிவிடும். அதனால் சம்பளம் ஏறிய பிறகு வரும் தேதியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபைனான்ஸ் எடுக்கும்போது ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்று தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். கார்டுத் தவணைக்கு இந்தத் தாள் கட்டாயமில்லை. தாளில் இன்னொன்றையும் தேடுங்கள்: நீங்கள் கேட்காத டிஸ்ப்ளே இன்ஷூரன்ஸோ கூடுதல் வாரண்டியோ கடனில் சேர்ந்திருக்கிறதா என்று. தவணைத் தொகையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், போன் விலையை விடக் கூட வந்தால் ஏன் என்று கேளுங்கள். வேண்டாதது என்றால் கையெழுத்துக்கு முன்பே எடுக்கச் சொல்லலாம்.

இனி எக்ஸ்சேஞ்ச். ‘9,000 வரை’ என்ற போர்டில் ‘வரை’ என்ற சொல்தான் முக்கியம். கீறல் இல்லாத, பெட்டியோடு இருக்கும் பெரிய மாடலுக்குத்தான் அந்த விலை. உங்கள் பழைய போனுக்கு 4,500 மதிப்பு, அதற்கு மேல் 2,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்றால் 6,500. பில் 17,500 ஆகிறது. மதிப்பு பழைய போனுக்கு, போனஸ் புதிய போனின் தள்ளுபடி. பல நேரம் போனஸ் எடுத்தால் ரொக்கத் தள்ளுபடி 1,200 கிடைக்காது. பழைய போனை வெளியே 5,500க்கு விற்று, புதியதை 22,800க்கு வாங்கினால் கையிலிருந்து போவது 17,300. வித்தியாசம் 200தான். அந்த 200க்காக ஆள் தேடி அலைவதை விடக் கடையிலேயே கொடுப்பது மேல் என்பேன். இரண்டு தள்ளுபடியும் சேர்ந்தே கிடைக்கும் என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு 16,300தான் ஆகும், யோசிக்கவே வேண்டாம்.

பழைய போனுக்கு விலை குறைவது பெரும்பாலும் டிஸ்ப்ளேயில்தான். கம்பெனி டிஸ்ப்ளேயை மாற்றி லோக்கல் டிஸ்ப்ளே போட்டிருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து வெள்ளைத் திரையில் பார்க்கும்போதே தெரிந்துவிடும். திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தாலும் பாதி விலை போய்விடும். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியோடு ஒத்துப் பார்ப்போம். ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை வாசலில் டெலிவரி ஆள் வந்த பிறகு நடக்கும். அவர் குறைத்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் போனஸும் சேர்ந்து போய்விடும்.

போனைக் கொடுப்பதற்கு முன்னால் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அப்புறம் ரீசெட் செய்யுங்கள். முதலிலேயே ரீசெட் செய்தால் போன் திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம். பழைய போனின் ஐஎம்இஐ எண், கொடுத்த தேதி இரண்டையும் எக்ஸ்சேஞ்ச் ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்தப் போன் பிறகு யார் கையில் என்ன ஆனாலும், எந்தத் தேதியில் அது உங்கள் கையை விட்டுப் போனது என்று காட்ட அந்தச் சீட்டுதான் இருக்கும்.