பதினொன்று கட்டினால் ஒன்று இலவசம்: கடைச் சீட்டா, வங்கி ஆர்.டி.யா?

அக்கா வீட்டு அலமாரியில் இரண்டு தீபாவளிச் சீட்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்று துணிக்கடையில் போட்டது, மற்றது பாத்திரக் கடையில். இரண்டிலும் ஒரே ஏற்பாடுதான். மாதம் 1,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்ட வேண்டும். பன்னிரண்டாவது தவணையைக் கடையே போட்டுக்கொள்ளும். பண்டிகைக்கு 12,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்துக்கொள்ளலாம். அதே ஆயிரத்தை வங்கியில் ஆர்.டி.யாகப் போட்டு, தீபாவளி சமயத்தில் பணத்தோடு கடைக்குப் போனால் எது லாபம்? இதைத்தான் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

11,000 கட்டி 1,000 கிடைக்கிறது, ஆகவே 9 சதவீதம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு கடைக்கு வேண்டுமானால் பொருந்தும், வருட வட்டிக்குப் பொருந்தாது. முதல் மாதமே 11,000 ரூபாயையும் நாம் கொடுத்துவிடவில்லையே. முதல் ஆயிரம் கடையில் 12 மாதம் இருக்கிறது, இரண்டாவது ஆயிரம் 11 மாதம். இப்படிக் குறைந்துகொண்டே வந்து, கடைசி ஆயிரம் 2 மாதம்தான் இருக்கிறது. 12 முதல் 2 வரை கூட்டினால் 77. அதாவது, ஒரு ஆயிரம் ரூபாயை 77 மாதம் கொடுத்து வைத்ததற்குச் சமம். அதற்குக் கிடைப்பது 1,000 ரூபாய். மாதம் ஆயிரத்துக்கு 13 ரூபாய், நம் பேச்சு வழக்கில் சொன்னால் நூற்றுக்கு ஒரு ரூபாய் முப்பது பைசா வட்டி. வருடத்துக்கு 15.6 சதவீதம்.

இந்தக் கணக்கில் ஒரு தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: பொருளை என்றைக்கு எடுக்கிறோம் என்பது. மேலே சொன்னது, முதல் தவணையிலிருந்து முழு 12 மாதம் கழித்துப் பொருள் எடுத்தால். கடைசித் தவணைக்கு அடுத்த மாதமே எடுக்கலாம் என்றால் 77 என்பது 66 ஆகிவிடும், வருட வட்டி 18 சதவீதத்தைத் தொடும். மாறாக, அந்த 12 மாதம் முடிந்த பிறகும் நல்ல நாளுக்காக இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்தால் 12 சதவீதம்தான். அட்டையில் எழுதியிருப்பது மூன்றிலும் அதே 11 + 1.

வட்டிக்கு வட்டியையும் சேர்த்துச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் கணினி விரிதாளில் இதைப் போடலாம். கடைசித் தவணைக்கு அடுத்த மாதமே பொருள் எடுக்கும் சீட்டுக்கு:

```
=RATE(11,-1000,0,12000,1)*12
```

17.3 சதவீதம் வரும். 12 மாதம் கழித்து எடுப்பதற்கு, A1 முதல் A11 வரை -1000, A12-இல் 0, A13-இல் 12000 என்று எழுதிவிட்டு:

```
=IRR(A1:A13)*12
```

இது 14.9 சதவீதம். அக்காவின் சீட்டுகள் இந்த வகைதான். எப்படிப் பார்த்தாலும் 15க்குப் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது ஆர்.டி. பக்கம் வருவோம். வங்கி 6.5 சதவீதம் தருவதாக வைத்துக்கொண்டால், அதே 11 தவணைக்கு, அதே 12 மாத முடிவில் வட்டி சுமார் 420 ரூபாய். கையில் 11,420 இருக்கும். கடைச் சீட்டில் 12,000. வித்தியாசம் 580 ரூபாய். இங்கே பார்க்கும்போது சீட்டுதான் முன்னால் நிற்கிறது.

ஆனால் ஒரு பக்கம் இருப்பது பணம், இன்னொரு பக்கம் இருப்பது அந்தக் கடையின் விலையில் பொருள். 580 ரூபாய் என்பது 11,420-இல் 5 சதவீதம். ஆகவே மற்ற இடத்தை விட அந்தக் கடையில் விலை 5 சதவீதம் கூடுதலாக இருந்தாலே சீட்டும் ஆர்.டி.யும் சமமாகிவிடும். 9 சதவீதம் கூடுதல் என்றால் இலவசத் தவணை முழுவதும் கரைந்து, நாம் போட்ட 11,000 மட்டும் திரும்பிய கணக்கு. நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 5 சதவீத விலை வித்தியாசத்தைத் துணியில் நம் கண் கண்டுபிடிக்காது என்பதுதான்.

அக்காவிடம் கேட்டேன்: "துணிக்கடையில தீபாவளிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி போடுவாங்களே, சீட்டு பில்லுக்கு அது உண்டா?"

"இல்லடா, அதான் ஒரு மாசம் ஃப்ரீயா போடுறாங்களே."

அங்கேதான் முழுக் கணக்கும் புரண்டுவிட்டது. 12,000 ரூபாய் விலைச்சீட்டு உள்ள துணியைப் பணம் கொடுத்து வாங்குபவர் தள்ளுபடி போக 10,800 கொடுத்து எடுத்துப் போகிறார். அக்கா அதற்கு 11,000 கட்டியிருக்கிறார், அதுவும் பல மாதம் முன்னதாகவே. 200 ரூபாய் கூடுதலாகப் போனதோடு, 420 ரூபாய் வட்டியும் போயிற்று. அந்தச் சீட்டின் உண்மையான வருட வருமானம் பூஜ்யத்துக்கும் கீழே. பாத்திரக் கடையில் நிலைமை வேறு. எவர்சில்வர் கிலோ கணக்கில் விலை சொல்கிறார்கள், பக்கத்துக் கடைகளிலும் கிட்டத்தட்ட அதே விலைதான், சீட்டு இல்லாதவருக்குத் தனித் தள்ளுபடியும் கிடையாது. அங்கே 15 சதவீதம் என்பது உண்மையாகவே 15 சதவீதம். நகைக்கடைச் சீட்டென்றால் விலைக்குப் பதில் சேதாரத்தையும் செய்கூலியையும் பார்க்க வேண்டும். கிராம் விலை எங்கும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்துகளையும் படித்தோம். ஒரு தவணை தவறினால் இலவசத் தவணை இல்லை. நடுவில் நிறுத்தினால் கட்டிய தொகைக்குப் பொருள்தான், பணம் திரும்பாது. ஒரே பில்லில் எடுத்துவிட வேண்டும், மீதி தரமாட்டார்கள். ஆர்.டி.யில் தவணை தவறினால் சிறு அபராதம், முன்கூட்டியே முடித்தால் வட்டி கொஞ்சம் குறையும். அசல் பணமாகவே கைக்கு வரும்.

அப்புறம் பாதுகாப்பு. ஏன் 11 மாதம் என்று யோசித்ததுண்டா? 2014 ஏப்ரல் முதல் அமலில் உள்ள நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக ஒரு நிறுவனம் வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்கப்பட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. அந்த வரம்புக்குள் அடங்குவதற்குத்தான் இந்த அளவு. அதாவது சட்டத்தின் கண்ணில் நாம் கொடுத்தது சேமிப்பு அல்ல, முன்பணம். கடை நொடித்துப்போனால் ஈடு எதுவும் இல்லாத கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வங்கியில் போட்டதற்கு, ஆர்.டி. உட்பட ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. வங்கி வட்டிக்கு மேல் கடை தரும் அந்த எட்டு, ஒன்பது சதவீதத்தில் ஒரு பகுதி, நாம் ஏற்கும் இந்த ஆபத்துக்கான விலைதான்.

கடைக்கு இது கட்டுப்படியாவதற்கும் காரணம் உண்டு. இலவசத் தவணையைக் கடை பணமாகத் தருவதில்லை, விற்பனை விலையில் தருகிறது. விற்பனை விலையில் நூற்றுக்கு 25 லாபமாக நிற்கும் கடைக்கு அந்த 1,000 ரூபாய்ப் பொருளின் அடக்கம் 750தான். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்பதும் உறுதியாகிவிடுகிறது.

பாத்திரக் கடை அட்டையை அக்கா தொடர்கிறார். துணிக்கடைச் சீட்டில் இன்னும் மூன்று தவணை பாக்கி. கட்டிய 8,000 பணமாகத் திரும்பாது, நிறுத்தினால் இலவசத் தவணையும் போய்விடும் என்பதால் அதையும் கட்டி முடிக்கத்தான் சொன்னேன். மீதி 3,000 கட்டினால் கூடுதலாக 4,000க்குத் துணி வருகிறதே. அடுத்த வருடம் அந்த ஆயிரம் ஆர்.டி.க்குப் போகிறது.