திடீரென வந்த ‘சொகமா இருக்கியா?’: திரும்பி வருகிறாரா, நினைவு தட்டியதா, மனசு உறுத்துகிறதா?

கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3 அன்று, இரவு பதினொன்றரை மணிக்கு, தக்கலையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "கோட்டாத்துல நிக்கேன். நம்ம பழம்பொரி கடை இன்னும் இருக்கு. சொகமா இருக்கியா?" அனுப்பியவன், ஏழு மாதத்துக்கு முன் பிரிந்து போனவன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

இதை அவள் ‘திரும்பி வருகிறான்’ என்று படித்தாள். அவளுடைய தோழி ‘சும்மா நினைவு வந்திருக்கும்’ என்றாள். எனக்கு மூன்றாவதாக ஒன்றும் தோன்றியது: விட்டுப்போன விதம் உறுத்துகிறது, ‘அவளுக்குக் கோபமில்லை’ என்று தெரிந்தால் அவனுக்கு நிம்மதி.

செய்தியை மட்டும் வைத்துப் பார்த்தால், நினைவு என்பதுதான் நன்றாகப் பொருந்துகிறது. பழகிய இடம், பண்டிகை, பின்னிரவு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் நினைப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். திரும்ப வர விரும்புகிறவர் எங்காவது பிரிவைத் தொடுவார், இல்லையென்றால் நேரில் பார்க்கக் கேட்பார். இவன் இரண்டும் செய்யவில்லை. உறுத்தலாக இருந்தால் ‘என்மேல கோபமா?’ என்ற வாசனை கொஞ்சமாவது அடிக்கும். ஆனால் முதல் செய்தியில் தயங்குகிறவர்களும் உண்டு. அதனால் இதோடு முடிவுகட்ட முடியாது. அடுத்த பதில்தான் பிரித்துக் காட்டும்.

என்ன பதில் போடுவது? ‘நல்லாயிருக்கேன், நீ?’ என்றால் மூன்று பேருமே ‘நானும்’ என்றுதான் எழுதுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. அதனால் மறுநாள் பகலில் இப்படி அனுப்பச் சொன்னேன்: "நல்லாயிருக்கேன். இவ்வளவு நாள் கழிச்சு என்ன விஷயம்?" வரும் எண்ணம் இருப்பவருக்கு இது கதவு, ஏதாவது சொல்லிவிடுவார். உறுத்தல் இருப்பவர் மன்னிப்பு கேட்பார், ‘பரவாயில்லை’ என்ற வார்த்தை கிடைத்ததும் மறைந்துவிடுவார். நினைவில் எழுதியவர் ‘சும்மாதான்’ என்று நழுவுவார்.

சாயங்காலம் வந்தது: "சும்மாதான், திருவிழா ஞாபகம்." பிறகு மார்கழியில் சுசீந்திரம் தேரன்று ஒரு போட்டோ. நடுவில் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. தினமும் வரும் செய்திக்கு மனசு பழகிவிடும்; எப்போது வருமென்று தெரியாமல் எப்போதாவது வருவதற்குத்தான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கும். போட்டோவுக்கு அவள் பதில் போடவில்லை. அரட்டையை மியூட் செய்துவிட்டாள். அது சரி என்றே நினைக்கிறேன்.

ஒரு சூழலில் மட்டும் இந்த அலசலே வேண்டாம். பழகிய காலத்தில் மிரட்டியவர், அடித்தவர் என்றால் பதில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். அப்புறமும் தொடர்ந்தால், பெண்களுக்கான 181 எண்ணை அழைக்கலாம்.