வயலை இரட்டிப்பதா, மில்லை இரட்டிப்பதா: அடுக்குகள் என்ன சொல்கின்றன?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு ரொம்ப நாளாய் ஓடுகிறது. அண்ணனுக்கு நாலு ஏக்கர் நெல் வயல். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கூலிக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் சின்ன மில் வைத்திருக்கிறார். கையில் காசு வந்தால் எதைப் பெரிசாக்குவது? "எல்லாத்தையும் ரெண்டு மடங்காக்கினா மில்லு ரெண்டு மடங்குக்கு மேலயே அரைக்கும்டா, வயல்ல அது நடக்குமா?" என்பது மாமாவின் வாதம். "மாமா, நீங்க போன வருஷம் ரெண்டாவது மெஷின் வாங்கினீங்களே, ரெண்டு மடங்கா அரைச்சுச்சு?" என்று அண்ணன் அங்கேயே மடக்குவான்.

நான் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக் கொடுக்கிறவன். எல்லா உள்ளீட்டையும் ஒரே மடங்கு கூட்டினால் விளைச்சல் எத்தனை மடங்கு கூடும் என்ற இந்தக் கேள்விக்குப் பாடத்தில் பெயர் விகித அளவு விளைவு. இருவருக்கும் ஆளுக்கொரு உற்பத்திச் சார்பு, அதாவது எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்று சொல்லும் சூத்திரம், எழுதிக் கொடுத்தேன். அடுக்குகளை நான்தான் கணக்குக்காக வைத்தேன், அளந்து எடுத்தவை அல்ல.

அண்ணனின் வயல்: Q = A·N^0.5·L^0.2·K^0.2
மாமாவின் மில்: Q = 3·L^0.45·K^0.70

N என்பது நிலம், L ஆட்கள், K முதலீடு. வயலுக்கு முதலீடு என்றால் விதை, உரம், டிராக்டர் வாடகை எல்லாம் சேர்ந்தது. மில்லுக்கு அது லட்ச ரூபாயில் இயந்திரமும் கட்டடமும். மில்லின் Q, வாரத்துக்கு எத்தனை டன் நெல் அரைபடுகிறது என்பது.

எல்லா உள்ளீட்டையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள். மில்லில் L இருக்கும் இடத்தில் 2L, K இருக்கும் இடத்தில் 2K. 2^0.45 ஒரு பக்கமும் 2^0.70 ஒரு பக்கமும் வெளியே வரும். இரண்டும் சேர்ந்தால் 2^1.15, அதாவது 2.219. பத்து ஆள், பத்து லட்சம் என்றால் முதலில் 42.4 டன். இருபது ஆள், இருபது லட்சம் என்றால் 94.0 டன். இரட்டிப்பு என்றால் 84.8 டன்னில் நின்றிருக்க வேண்டும். ஒன்பது டன்னுக்கு மேல் கூடுதலாக வந்திருக்கிறது. இது வளர்ந்து செல்லும் விளைவு.

வயலில் 0.5 + 0.2 + 0.2 = 0.9. 2^0.9 என்பது 1.866. நாலு ஏக்கரில் 60 கிலோ மூட்டையாக 120 வந்தால், எட்டு ஏக்கரில் 224 வரும், 240 வராது. இது குறைந்து செல்லும் விளைவு. இங்கே A எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லை, தேவையும் படவில்லை. புது விளைச்சலைப் பழையதால் வகுக்கும்போது இரண்டிலும் ஒரே A இருப்பதால் அது விழுந்துவிடும். மண் நல்லதா, ரகம் நல்லதா என்பதெல்லாம் அந்த A-க்குள் உட்கார்ந்திருக்கிறது. இரட்டிப்புக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. தேர்வில் A-யைக் கண்டு பயந்து கணக்கை விட்டுவிடும் பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

இனி அண்ணன் மடக்கிய இடம். மாமா இரண்டாவது இயந்திரம் வாங்கினார், ஆள் சேர்க்கவில்லை. அப்படியானால் K மட்டும்தான் இரண்டு மடங்கு. 2^0.70 = 1.625. 42.4 டன் 68.9 ஆகும், அவ்வளவுதான். ஆளை மட்டும் இரட்டித்திருந்தால் 2^0.45 = 1.366. எந்த ஒன்றைத் தனியே இரட்டித்தாலும் இரண்டு மடங்கு வராது, ஏனென்றால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. இதற்குப் பெயர் இறுதிநிலை உற்பத்தி குறைவது. நெல்லை அள்ளிப் போடவும் மூட்டை பிடிக்கவும் அதே பத்துப் பேர்தான் என்றால் புது மெஷின் பாதி நேரம் சும்மா ஓடும். ஆனால் இதைக் காட்டி "மில்லில் அளவு விளைவு குறைகிறது" என்று சொன்னால் தப்பு. 1.625-ஐயும் 1.366-ஐயும் பெருக்கினால் அதே 2.219 வந்து நிற்கிறது. தனித்தனியே குறைவதும், சேர்ந்து வளர்வதும் ஒரே மில்லில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மாமா சார்பைச் சரியாகச் சொன்னார், சோதனையைத் தப்பாகச் செய்தார்.

மில்லுக்கு ஏன் ஒன்றுக்கு மேல்? புழுங்கல் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தில் கொள்ளளவை இரட்டித்தால் தகடு இரண்டு மடங்கு வேண்டாம். பரப்பு 2^(2/3), அதாவது 1.59 மடங்குதான் ஆகும். வெப்பம் வெளியேறுவதும் பரப்பைப் பொறுத்ததுதான், அதனால் உமியும் ஒப்பளவில் குறைவாகவே எரியும். அளவு கூடக் கூட ஒரு டன்னுக்கான தகடும் சூடும் குறைகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மில்லின் விளைபொருள் அரிசி, உள்ளீட்டில் நெல்லும் சேர்த்தி என்று வைத்தால் இந்த 2.219 செல்லாது. மில் எவ்வளவு பெரிதானாலும் நூறு கிலோ நெல்லில் நூறு கிலோ அரிசி வரப்போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நெல்லை இரட்டித்தால் அரிசி இரட்டிக்கும், அதற்கு மேல் போக வழியில்லை. அதனால்தான் Q-வை அரைத்துக் கொடுக்கும் வேலை என்று எடுத்தேன். ஊரார் நெல் கொண்டுவருகிறார்கள், மாமா அரைக்கிறார். அந்த வேலையின் அளவுக்குத்தான் 1.15 பொருந்தும்.

வயலின் 0.9-க்கு வருவோம். இது எனக்கு மில்லை விடச் சுவையான கேள்வி. ஒரே மாதிரி இன்னொரு நாலு ஏக்கரை அப்படியே நகலெடுத்தால், அதிலும் 120 மூட்டைதானே வர வேண்டும்? 16 மூட்டை எங்கே போனது? நகல் முழுமையாக இல்லை என்பதுதான் பதில். சார்பில் எழுதாத ஒன்று இரட்டிக்காமல் நிற்கிறது. அண்ணன் ஒருத்தன்தான். புது நாலு ஏக்கர் பழைய வயலின் வரப்பை ஒட்டிக் கிடைக்காது. இரண்டு ஊர் தள்ளி, வேறு வாய்க்காலில், பெரும்பாலும் கடைமடையில்தான் கிடைக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். முறை வைத்து விடும் காலத்தில் எந்த ராத்திரி தண்ணீர் வருகிறதோ அந்த ராத்திரி மடையில் ஆள் நிற்க வேண்டும். இரண்டு இடத்திலும் அவனே நிற்க முடியாது.

இதைச் சார்பிலேயே எழுதலாம். மேற்பார்வையை M என்று வைத்து M^0.1 சேர்த்தால் கூட்டுத்தொகை 1.0 ஆகிவிடும். அண்ணனைப் போலவே ஒரு ஆளும் கிடைத்து M-உம் இரட்டித்தால் சரியாக 240. M அப்படியே நின்றால் 224. ஆக 0.9 என்பது நெற்பயிரின் குணம் இல்லை, இரட்டிக்காத ஒன்றின் தடயம். குறைந்து செல்லும் விளைவைக் கண்டால் நான் முதலில் தேடுவது அந்த ஒன்றைத்தான்.

இன்னும் ஒன்று, இதில் மாமா வழுக்கினார். "குறையுதுன்னா நஷ்டம்தானே?" என்றார். இல்லை. நாலு ஏக்கருக்கு 1,20,000 ரூபாய் செலவு, மூட்டை 1,500-க்குப் போகிறது என்று வையுங்கள். இப்போது 120 மூட்டைக்கு வரவு 1,80,000, மிச்சம் 60,000. இரட்டித்த பிறகு செலவு 2,40,000, 224 மூட்டைக்கு வரவு 3,36,000, மிச்சம் 96,000. மூட்டைக்கான அடக்கச் செலவு 1,000-லிருந்து 1,071-க்கு ஏறியது உண்மை. ஆனாலும் வீட்டுக்கு வரும் பணம் 36,000 கூடியிருக்கிறது. மில்லில் டன்னுக்கான செலவு பத்து சதவீதம் குறையும். அது நிச்சயம், ஆனால் 94 டன் நெல் வாரம் தவறாமல் வந்தால்தான். சம்பா அறுவடைக்கும் குறுவை அறுவடைக்கும் நடுவே மில் வாசல் காலியாகக் கிடக்கும் வாரங்களை மாமாவே அறிவார். சார்பு சொல்வது எவ்வளவு முடியும் என்பதை. வாசலுக்கு எவ்வளவு வரும் என்பதை அல்ல.

சித்தப்பா மகன் ஒருத்தன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான்: அறுவடை இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடுவது. Q = 4·L^0.5·K^0.5 − 2 என்று எழுதினேன், நாளுக்கு எத்தனை ஏக்கர் அறுக்கும் என்று. கழிக்கும் 2, ஊர் ஊராய்ப் போய் வயல் பேசி முடிப்பதில் போகும் நேரம்; வண்டி ஒன்றானாலும் பத்தானாலும் பேசுவது ஒரே ஆள்தான். அடுக்குகளின் கூட்டுத்தொகை 1, ஆகவே சரியாக இரட்டிக்கும் என்று சொல்லத் தோன்றும். போட்டுப் பாருங்கள். ஒரு ஆள், ஒரு வண்டி: 2 ஏக்கர். இரண்டும் இரண்டும்: 6 ஏக்கர், மூன்று மடங்கு. பத்தும் பத்தும் 38, இருபதும் இருபதும் 78, இங்கே 2.05 மடங்குதான். கூட்டல் கழித்தல் நடுவே வந்துவிட்டால் அடுக்கைக் கூட்டும் குறுக்குவழி உடைந்துவிடுகிறது, விடை அளவுக்கு அளவு மாறுகிறது. அப்போது நேரடியாக இரட்டித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

அடுக்குகள் கையில் கொடுக்கப்படாமல் தரவிலிருந்து எடுக்கப்பட்டால் இன்னொரு எச்சரிக்கை. 1928-ல் கணிதவியலாளர் காப், பொருளியலாளர் டக்ளஸ் இருவரும் அமெரிக்கத் தொழில்துறைக்கு இந்த வகைச் சார்பைப் பொருத்தியபோது கூட்டுத்தொகை 1 என்று முதலிலேயே கட்டிவைத்துவிட்டார்கள். உழைப்புக்கு நாலில் மூன்று, மூலதனத்துக்கு நாலில் ஒன்று. அளவு விளைவு மாறாதது என்பது அங்கே கண்டுபிடிப்பு அல்ல, போட்டுக்கொண்ட நிபந்தனை. அதை அவிழ்த்து அளக்க வேண்டும் என்று டுராண்ட் என்ற ஆய்வாளர் 1937-ல் சொன்னார். அவிழ்த்து அளந்தாலும், கூட்டுத்தொகை 0.96, அந்த மதிப்பீட்டின் திட்டப்பிழை 0.05 என்று வந்தால் ஒன்றுக்குக் கீழே என்று அடித்துச் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், விகித அளவை மட்டும் பார்த்தால் மில்தான். ஆனால் மாமா ஆளையும் சேர்த்து இரட்டிக்க வேண்டும். அண்ணனுக்கு நிலம் கூட்டுவதில் லாபம் உண்டு, அதே வாய்க்காலில் கிடைத்தால் இன்னும் நல்லது. அவன் இப்போது வரப்பை ஒட்டின இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டுவைத்திருக்கிறான். மாமா இரண்டாவது மெஷினுக்கு ஆள் தேடுகிறார். நீடாமங்கலம் பக்கம் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள், சம்பா அறுப்பு முடிந்த பிறகுதான் வருவார்களாம்.