பத்திக்குப் பத்தியா, கதையாகவா? ஓர் எதிருரையின் இரண்டு வரைவுகள்

2020 ஜனவரியில் என் மேல் புரோநோட்டு வழக்கு ஒன்று வந்தது. வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாள். அதற்குள் இரண்டு வரைவுகள் கைக்கு வந்தன. முதலாவது என் தரப்பு நியாயத்தைக் கோவையாகச் சொல்லிவிட்டு, 'வாதியின் மற்ற கூற்றுகள் அனைத்தும் பொய்' என்று முடித்தது. மற்றொன்று வாதி தாக்கல் செய்த வழக்குரையின் ஒன்பது பத்திகளுக்கும் வரிசையாகப் பதில் சொன்னது. படிக்கச் சுவையானது முதலாவதுதான். நான் தாக்கல் செய்தது இரண்டாவதை.

காரணம் நான்காம் பத்தி. மூன்றாம் பத்தி, 10.6.2015-ல் நான் ஒரு லட்சம் வாங்கினேன் என்றது. புரோநோட்டின் மேல் வழக்குப் போடக் காலவரையறை மூன்று ஆண்டு. அது 2018 ஜூனில் முடிந்துவிட்டது. வழக்கோ 2019 டிசம்பரில் போடப்பட்டது. இடைவெளியை அடைத்தது நான்காம் பத்தியின் ஒரே வரி: 4.5.2018-ல் நான் ஆயிரம் ரூபாய் வட்டி கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்திட்டேனாம். அந்த வரவு உண்மையானால் மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும்.

கதை வரைவில் அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேச்சே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளை, 5-ஆம் விதிப்படி, குறிப்பாக மறுக்காத கூற்று ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். 2016-லேயே கடனை அடைத்துவிட்டேன் என்று அதில் எழுதியிருந்ததால், 2018 வரவும் மறைமுகமாக மறுக்கப்பட்டதுதானே என்று வாதாடியிருக்கலாம். விதியும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒரு வரியில் முடிவதை ஏன் வாதத்துக்கு விடவேண்டும்?

மூன்றாம் பத்தியிலும் ஒரு கண்ணி இருந்தது. 'ஒரு லட்சம் வாங்கவில்லை' என்றால் 4-ஆம் விதிப்படி அது நழுவல் மறுப்பு. ஒரு பைசாவும் வாங்கவில்லை என்று சொல்லவேண்டும். இல்லையேல் வாங்கியது எவ்வளவு என்று சொல்லவேண்டும். நான் வாங்கியது நாற்பதாயிரம், அப்படியே எழுதினோம். மற்றப் பத்திகளில் முகவரி, நோட்டீஸ் வந்தது போன்றவற்றை ஒப்புக்கொண்டோம். உண்மையையும் மறுத்தால் குறுக்கு விசாரணையில் நம் வாயே நமக்கு எதிரி.

2024-ல் தமிழ்நாட்டு உயில் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும், பத்திவாரியான பதில் இல்லாவிட்டால் எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்று நீதிமன்றம் தேடி அலையவேண்டியிருக்கும் என்றது.

கதை வரைவை முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஒன்பது பதில்களுக்குப் பிறகு 'கூடுதல் விளக்கம்' என்று அதன் சாரத்தைச் சேர்த்தோம். மூன்று தலைமுறைச் சொத்து வரலாறு பேசும் பாகப்பிரிவினை வழக்கில் அதையே முன்னால் வைப்பது நல்லதோ என்னவோ. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பண வழக்குதான்.

பின்னர் வழக்கில் தீர்க்கவேண்டிய கேள்வியாக நீதிமன்றம் வகுத்த முதல் எழுவினாவே, 4.5.2018 வரவில் உள்ளது பிரதிவாதியின் கையெழுத்தா என்பதாக இருந்தது.