எக்ஸ்ரே நார்மல், ஓடலாம் என்றார்கள்: 38,000 ரூபாயும் தம்பியின் இடுப்பும் போயின

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு இளைஞர்களைத் தயார்செய்யும் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கும், அதே வளாகத்தில் இயங்கும் பிசியோதெரபி நிலையத்துக்கும் சேர்த்து 38,000 ரூபாய் கட்டியதன் பலனாக, என் தம்பி இன்று தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்திலுள்ள குறுகிய கழுத்துப்பகுதியில் திருகாணிகளோடு கட்டிலில் கிடக்கிறான்.

1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று தினசரி ஓட்டத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கியபின் அவனுக்குத் தொடை இடுக்கில் வலி தொடங்கியது. ஓடும்போது வரும், உட்கார்ந்தால் அடங்கும். முன்னாள் ராணுவ வீரரான பயிற்சியாளர் கட்டைவிரலால் தொடையை அழுத்திப் பார்த்து, "தசைப்பிடிப்புதான் தம்பி, என் சர்வீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்று தோளில் தட்டினார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பா மீதிப் பணத்தையும் கட்டினார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் டேப் ஒட்டி, மறுபடியும் ஓட விட்டார்கள்.

அது தசைப்பிடிப்பு அல்ல, எலும்பில் விழுந்த விரிசல். ஓயாத ஓட்டத்தால் விழும் இத்தகைய விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதும், விரிசல் கோடாவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையின் வீக்கத்தை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும் என்பதும் இத்துறையில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். அதற்கு ஆகும் செலவு, இவர்கள் வாங்கிய 38,000 ரூபாயில் ஒரு சிறு பகுதிதான்.

ஒற்றைக்காலில் குதிக்கவே முடியாத நிலையில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். எம்.ஆர்.ஐ.யில் விரிசல் தொடை எலும்புக் கழுத்தின் மேல்பக்கத்தில் இருந்தது. உடல் எடை இறங்கும்போது, வளைத்த குச்சியின் வெளிப்புறம் போல, அந்தப் பக்கம் இழுபட்டுப் பிளக்கும். கீழ்ப்பக்கமோ அழுந்தும் என்பதால், அங்கே விழும் சிறு விரிசல் ஊன்றுகோலும் ஓய்வுமாகவே ஆறிவிடக்கூடும். மேல்பக்க விரிசல் முழுதாக உடைந்து விலகினால், இடுப்புக்குழியில் பொருந்தும் எலும்பின் தலைக்கு ரத்தம் போகும் வழி அறுந்து, தலையே செத்துப்போகலாம். அதனால்தான் காலை ஊன்றக் கூடாது என்று உடனே தடுத்து, திருகாணி போட்டார்கள். மறுபடி ஓடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். முதலில் வலியின்றி நடக்க வேண்டும், பிறகு நடையும் மெல்லோட்டமும் மாறிமாறி, வலி தலைகாட்டினால் ஒரு படி பின்னால்.

பணத்தைக் கேட்டால், "எக்ஸ்ரே நார்மல்தானே சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்கள். பிசியோ நிலையம் மையத்தைக் கைகாட்டியது, மையம் ரசீதின் பின்னால் பொடி எழுத்திலிருந்த "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டியது. இப்போது போனையே எடுப்பதில்லை. 38,000 ரூபாய் போனது போனதுதான்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் நடுவிலோ, பாதத்தின் மேல்வளைவிலோ விரல் வைத்தால் வலிக்கிறது என்றாலும் அப்படியே. அவையும் விரிசல் எளிதில் ஆறாத இடங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.